சிரிப்புக்கு அடியில் உள்ள கணக்கு: நடத்தை நகைச்சுவையில் பெண் கேட்கும் காட்சி ஒன்றைப் படிக்க முழுமையான வழிகாட்டி

ஒரு சமூகத்தின் மரியாதை விதிகளுக்குள் மனிதர்கள் தங்கள் தேவைகளை மறைத்துக்கொண்டு நடமாடுவதைக் காட்டிச் சிரிக்க வைக்கும் எழுத்தை நடத்தை நகைச்சுவை என்கிறோம். அதில் கல்யாணப் பேச்சு வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது ஏன் சிரிப்பை வரவழைக்கிறது, அந்தச் சிரிப்பு எந்த நெருக்கடியை வெளிச்சமாக்குகிறது என்று விளக்கி எழுதுவதே இந்த வழிகாட்டியின் வேலை. எடுத்துக்காட்டு ஜேன் ஆஸ்டின் எழுதி 1813-இல் வெளிவந்த 'ப்ரைடு அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் 19-ஆம் அத்தியாயம். பாதிரியார் காலின்ஸ், எலிசபெத் பென்னட்டிடம் தன்னை மணக்கும்படி கேட்கும் காட்சி அது.

இதை முதன்முறையாக எழுத உட்காருபவர்கள் பலரோடு நான் அமர்ந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள்: சிரிப்பிலிருந்து தொடங்கி, "காலின்ஸ் ஒரு முட்டாள்" என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லாமல் நின்றுவிடுகிறார்கள். பணம், விதி, பேச்சு, சிரிப்பு என்ற வரிசையில் போனால் அந்த முட்டுச்சந்து வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

19-ஆம் அத்தியாயம் மட்டும் போதாது. குடும்பத்தின் சொத்து நிலையைச் சொல்லும் 7, காலின்ஸ் மணப்பெண்ணை மாற்றிக்கொள்ளும் 15, மறுப்புக்குப் பின் வீட்டில் நடப்பதைச் சொல்லும் 20, எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகாஸ் அதே மனிதரை ஏற்கும் 22, தந்தை தன் சேமிப்பின்மையை நினைத்து வருந்தும் 50 ஆகிய அத்தியாயங்களையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

சில பதிப்புகள் நாவலை மூன்று பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும். அப்படிப்பட்ட பதிப்பு உங்களிடம் இருந்தால் 50-ஆம் அத்தியாயம் மூன்றாம் பாகத்தின் 8-ஆவதாக இருக்கும். முதல் பாகத்தில் 23 அத்தியாயங்கள் இருப்பதால் மேலே சொன்ன மற்ற அத்தியாயங்களின் எண் மாறாது.

ஒரு தாளை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கதாபாத்திரம் சொன்னது. வலப்பக்கம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள பணமோ விதியோ. வலப்பக்கம் நிரம்பாமல் இடப்பக்கத்தில் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்பதை ஒரு கட்டாயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் வரவு செலவைப் போடுங்கள்

திரு. பென்னட்டின் நிலம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தருகிறது. வசதியான வாழ்க்கைக்கு அது போதும். ஆனால் அந்த நிலம் ஆண் வாரிசுக்கே போக வேண்டும் என்ற கட்டுக்கு உட்பட்டது. அவருக்கு ஐந்து பெண்கள், மகன் இல்லை. எனவே அவர் இறந்த அன்றே நிலமும் வீடும் தூரத்து உறவினரான காலின்ஸுக்குச் சேர்ந்துவிடும். மனைவிக்கும் மகள்களுக்கும் மிஞ்சுவது திருமண ஒப்பந்தத்தின்படி அவர்கள் பெயரில் ஒதுக்கப்பட்ட 5,000 பவுண்டு மட்டும்.

இந்தத் தொகையை வருமானமாக மாற்றிப் பார்ப்பதுதான் முக்கியமான படி. காலின்ஸே எலிசபெத்தின் பங்கு 4 சதவீத வட்டி தரும் அரசுக் கடன் பத்திரத்தில் உள்ள 1,000 பவுண்டு என்று குறிப்பிடுகிறார். அந்த விகிதத்தில் 5,000 பவுண்டுக்கு ஆண்டு வட்டி 200 பவுண்டு. அதாவது தந்தை கண்ணை மூடியதும் தாயும், அதுவரை மணமாகாத மகள்களும், இருந்த வருமானத்தின் பத்தில் ஒரு பங்கில், சொந்த வீடும் இல்லாமல் வாழ வேண்டும். தாயும் இறந்த பிறகு எலிசபெத்துக்குத் தனியாகக் கிடைப்பது ஆண்டுக்கு 40 பவுண்டு.

இந்த 40 என்ற எண்ணைத் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்வேன். அதைப் பார்த்துக்கொண்டே காட்சியைப் படிக்கும்போது, அறைக்குள் பேசப்படும் ஒவ்வொரு சொல்லின் எடையும் மாறுகிறது. எலிசபெத் வேண்டாமென்று சொல்வது காலின்ஸ் என்ற மனிதரை மட்டும் அல்ல, தான் வளர்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழும் வாய்ப்பையும் சேர்த்துத்தான்.

இந்தப் படியில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, திருமதி பென்னட்டின் தந்தை அவருக்கு விட்டுச்சென்ற 4,000 பவுண்டை, ஒப்பந்தத்தில் ஒதுக்கப்பட்ட 5,000 பவுண்டோடு குழப்பிக்கொள்வது. மகள்களின் எதிர்காலத்தைக் கணக்கிட 5,000-ஐத்தான் எடுக்க வேண்டும். மற்றொன்று, பழைய பவுண்டை இன்றைய பணமாக மாற்ற முயல்வது. அதில் நேரம் போகுமே தவிரத் தெளிவு வராது. கதைக்குள் இருக்கும் தொகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்: 2,000, 200, 40. நெருக்கடி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

3. யார் எதைச் சொல்லலாம் என்பதை எழுதுங்கள்

பணத்தை எழுதியாயிற்று. இனி அந்தப் பணத்தைப் பற்றி வாய் திறக்க யாருக்கு அனுமதி என்று பார்க்க வேண்டும். நடத்தை நகைச்சுவையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, யாரும் சொல்லக் கூடாததாக இருக்கும். சிரிப்பு பிறப்பது அந்த இடைவெளியில்.

இந்தக் காட்சிக்கு மூன்று விதிகள் போதும். கேட்கும் உரிமை ஆணுக்கு. பெண் ஏற்கலாம், மறுக்கலாம், தானாகக் கேட்க முடியாது. காரணமாகச் சொல்ல வேண்டியது அன்பு. சொத்தைக் காரணமாகச் சொல்வது நாகரிகக் குறைவு. நன்கு வளர்க்கப்பட்ட பெண் ஆவலைக் காட்டக் கூடாது. ஆகவே அவள் முதலில் தயங்குவதும் மறுப்பதும் நாணமாகவே எடுத்துக்கொள்ளப்படும். இந்த மூன்றாவது விதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், 5-ஆம் படியில் அது தேவைப்படும்.

விதிகளைப் பொதுவாக எழுதாமல் காட்சியிலிருந்து எடுத்து எழுத வேண்டும். "அக்காலத்தில் பெண்கள் ஒடுக்கப்பட்டார்கள்" என்ற வாக்கியம் உண்மைதான் என்றாலும் இந்த அறைக்குள் எதையும் விளக்குவதில்லை. "தாய் அறையை விட்டு எழுந்து போகிறார், மகளை உட்கார்ந்து கேட்கும்படி கட்டளையிடுகிறார்" என்பது விளக்குகிறது. அந்தத் தனிமையே தாய் ஏற்படுத்திய ஏற்பாடு என்பதால், எலிசபெத் எழுந்து போவதும்கூட மரியாதைக் குறைவாகிவிடும்.

4. பேச்சின் அலங்காரத்தைக் கழற்றி, காரணங்களை வரிசையாக எழுதுங்கள்

காலின்ஸ் பேசுவதைச் சுருக்கமாக, நேரான சொற்களில், அவர் சொன்ன அதே வரிசையில் எழுதுங்கள். வரிசையை மாற்றினால் நகைச்சுவை செத்துவிடும். எனக்குக் கிடைத்த பட்டியல் இது.

மணம் செய்துகொண்டு ஊருக்கு முன்மாதிரியாக இருப்பது வசதியுள்ள ஒரு பாதிரியாரின் கடமை. அது தன் மகிழ்ச்சியை மிகவும் கூட்டும். தன் புரவலரான லேடி காதரின் மணம் செய்துகொள்ளச் சொன்னார். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டுமோ என்று காலின்ஸே வருந்துகிறார். அந்த அறிவுரை சீட்டாட்டத்தின் இரண்டு சுற்றுகளுக்கு இடையில், அந்த அம்மையாருடைய மகளின் காலடிப் பலகையை ஒருவர் சரிசெய்துகொண்டிருந்தபோது வழங்கப்பட்டது. மனைவி குறைந்த வருமானத்தைச் சிக்கனமாகச் செலவிடத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்பதும் அந்த அறிவுரையில் அடக்கம். உன் தந்தை இறந்ததும் இந்த வீடு எனக்கு வரப்போவதால், மகள்களில் ஒருத்தியையே மணந்தால் உங்கள் இழப்பு குறையும். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான், தன் அன்பின் வேகத்தை உணர்ச்சிகரமான மொழியில் உறுதிப்படுத்துவது ஒன்றே பாக்கி என்கிறார்.

இப்போது 3-ஆம் படியில் எழுதிய விதிகளைப் பக்கத்தில் வையுங்கள். விதிப்படி முதலில் வர வேண்டிய அன்பு கடைசியில், செய்து முடிக்க வேண்டிய ஒரு சடங்காக வருகிறது. விதிப்படி வரவே கூடாத சொத்துக் கணக்கு நடுநாயகமாக நிற்கிறது. உன் பங்கு 1,000 பவுண்டுதான், அதுவும் உன் தாய் இறந்த பிறகுதான் என்று எடுத்துச் சொல்லிவிட்டு, அதைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டேன் என்று பெருந்தன்மையோடு வாக்களிக்கிறார். பேச மாட்டேன் என்பதற்காகவே முழுத் தொகையையும் வட்டி விகிதத்தோடு பேசிவிடுகிறார்.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இருக்கிறது. காலின்ஸ் பணத்தைப் பற்றிச் சொல்வதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நீங்கள் 2-ஆம் படியில் போட்ட கணக்கும் அவர் சொல்லும் கணக்கும் ஒத்துப்போகின்றன. வேறொரு சம்பந்தம் உனக்கு வரும் என்பதே நிச்சயமில்லை, உன் பங்கு சிறியது என்பதால் உன் அழகும் பயன்படாமல் போகலாம் என்று அவர் சொல்வது கொடூரமானது. அந்தச் சமூகத்தின் கணக்குப்படி அது தவறான மதிப்பீடு அல்ல. நாகரிகம் தெரிந்த ஒருவர் இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு அன்பைப் பற்றி மட்டும் பேசியிருப்பார். எதை மறைக்க வேண்டும் என்று தெரியாத ஒருவரை ஆசிரியர் பேச வைத்ததால், எல்லோரும் மறைத்துவைத்திருந்தது சபைக்கு வந்துவிடுகிறது. அவரை முட்டாள் என்று தள்ளிவிடும் வாசகர் அந்த உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்.

5. 'இல்லை' என்ற சொல் எத்தனை முறை தோற்கிறது என்று எண்ணுங்கள்

எலிசபெத் மறுக்கிறார். காலின்ஸ் அதை நாணம் என்று எடுத்துக்கொள்கிறார்; மனத்துக்குள் ஏற்கப்போகும் ஆணையே பெண்கள் முதலில் மறுப்பது வழக்கம், சில சமயம் இரண்டாவது மூன்றாவது முறையும் மறுப்பார்கள் என்கிறார். எலிசபெத் இன்னும் தெளிவாக மறுக்கிறார். காத்திருக்க வைத்துத் தன் காதலைப் பெருக்கப் பார்ப்பதாகக் காலின்ஸ் மகிழ்கிறார். தன்னை நாகரிகப் பெண்ணாகக் கருதாமல், உள்ளத்திலிருந்து உண்மை பேசும் அறிவுள்ள ஒரு பிறவியாகக் கருதும்படி கேட்கும் அளவுக்கு எலிசபெத் போக வேண்டியிருக்கிறது. அதுவும் பலிக்கவில்லை. தந்தையின் வாயால் மறுப்பு வந்தால்தான் நம்பப்படும் என்ற முடிவோடு அறையை விட்டு வெளியேறுகிறார்.

ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு வரி ஒதுக்கி, அது ஏன் கேட்கப்படவில்லை என்று எதிரே எழுதுங்கள். எல்லா வரிகளிலும் விடை ஒன்றாகவே இருக்கும்: 3-ஆம் படியின் மூன்றாவது விதி. பெண்ணைப் பாதுகாப்பதாகச் சொல்லப்படும் நாணம் என்ற நடத்தை விதி, அவளுடைய மறுப்பைப் பயனற்றதாக்கும் கருவியாக வேலை செய்வதை நகைச்சுவை இங்கே வாதம் எதுவும் செய்யாமல் காட்டிவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் அந்த மறுப்பைப் படித்துச் சிரிக்கும்போதே நமக்கும் மூச்சு முட்டத் தொடங்கினால் காட்சி புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

6. சிரிப்பு யாருடையது என்று பிரித்துப் பாருங்கள்

"நகைச்சுவை சமூகத்தை விமர்சிக்கிறது" என்று மொத்தமாக எழுதுவதுதான் இந்தப் படியில் நேரும் பிழை. இந்தப் பகுதியில் குறைந்தது மூன்று பேர் சிரிக்க வைக்கிறார்கள், அவர்கள் நிற்கும் இடங்கள் வேறு வேறு.

முதலாவது கதைசொல்லி. தொல்காப்பியம் அங்கதத்தை வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துச் சொல்லும் பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. கதைசொல்லியின் வழி பெரும்பாலும் இரண்டாவது. காலின்ஸ் முதலில் மூத்தவளான ஜேனைத்தான் மனத்தில் வைத்திருந்தார். ஜேனுக்கு வேறு சம்பந்தம் கூடிவரும்போல் இருக்கிறது என்று தாய் குறிப்புக் காட்டியதும் எலிசபெத்துக்கு மாறினார். அந்த மாற்றம் திருமதி பென்னட் கணப்பு நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்துக்குள் நடந்து முடிந்தது என்று 15-ஆம் அத்தியாயம் சொல்கிறது. பழிச்சொல் ஒன்றும் இல்லை. நேரத்தை மட்டும் அளந்து சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இரண்டாவது எலிசபெத். அவருடைய சாதுரியம் இந்த அறைக்குள் பயன்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறு இடங்களில் கூர்மையாகப் பேசுபவர், இங்கே விளையாட்டை விட்டுவிட்டு நேராகப் பேச வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார். சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொள்ளாத ஒருவரிடம் சாதுரியம் எடுபடாது.

மூன்றாவது தந்தை. 20-ஆம் அத்தியாயத்தில், இவரை மணக்காவிட்டால் தாய் உன் முகத்தில் விழிக்க மாட்டாள், மணந்தால் நான் விழிக்க மாட்டேன் என்று அவர் மகளிடம் சொல்வது எல்லோருக்கும் பிடித்த இடம். எனக்கும் பிடிக்கும்; ஆனால் அதை அப்படியே பாராட்டிவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன். 50-ஆம் அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மகன் பிறப்பான், வயது வந்ததும் அவனோடு சேர்ந்து நிலத்தின் கட்டை நீக்கிவிடலாம் என்று நம்பி, வருமானம் முழுவதையும் செலவழித்தவர் அவர். மகன் பிறக்கவில்லை, சேமிப்பும் இல்லை. தந்தை இறந்தால் உன்னை யார் காப்பாற்றுவது என்று 20-ஆம் அத்தியாயத்தில் அழுது புலம்பும் தாய், நாவல் முழுவதும் கேலிக்கு ஆளாகிறார். ஆனால் 40 பவுண்டு என்ற எண்ணை அந்த வீட்டில் எப்போதும் நினைவில் வைத்திருப்பவர் அவர்தான். அவருடைய நாகரிகக் குறைவு நம்மைச் சிரிக்க வைக்கிறது. தந்தையின் நயமான பேச்சு நம்மை அவர் பக்கம் சாய்க்கிறது. யாருடைய அலட்சியம் இந்த நிலைமையை உண்டாக்கியது என்று கேட்டவுடன் அந்தச் சாய்வு நேராகிவிடும். சாதுரியமாகப் பேச யாருக்கு வசதி இருக்கிறது என்பதும் பணக் கணக்கின் ஒரு பகுதியே.

7. அதே விண்ணப்பத்தை வேறொரு பெண்ணிடம் வைத்துச் சோதியுங்கள்

இந்தச் சோதனை இல்லாமல் எழுதும் விளக்கம், "எலிசபெத் துணிச்சலானவள்" என்ற பாராட்டாக முடிந்துவிடும். ஆசிரியரே சோதனையை நமக்குச் செய்துவைத்திருக்கிறார்: சில நாட்களுக்குள் காலின்ஸ் ஷார்லட் லூகாஸிடம் கேட்கிறார், அவர் ஏற்றுக்கொள்கிறார். கேட்பவர் அதே மனிதர், அதே சொத்து. மாறுவது பெண்ணின் வயதும் நிலையும். எலிசபெத்துக்கு 21 நிரம்பவில்லை. ஷார்லட்டுக்கு 27, பெரிய அழகு என்று யாரும் சொல்லாதவர், பங்காக வரக்கூடியதும் சொற்பம்.

22-ஆம் அத்தியாயத்தில் செய்தி ஷார்லட்டின் வீட்டுக்குத் தெரிந்ததும் ஒவ்வொருவரும் மகிழும் காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். தங்கைகளுக்கு, தாங்கள் ஓரிரு ஆண்டு முன்னதாகவே சபையில் அறிமுகமாகலாம் என்ற நம்பிக்கை. தம்பிகளுக்கு, அக்கா மணமாகாமலே செத்துவிடுவாளோ என்ற அச்சம் நீங்கிய நிம்மதி. ஷார்லட்டின் தாய், திரு. பென்னட் இன்னும் எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருப்பார் என்று முன்பு எப்போதும் இல்லாத அக்கறையோடு கணக்குப் போடத் தொடங்குகிறார். அடுத்த வீட்டு மனிதரின் ஆயுள், மரியாதையான ஒரு பெண்மணியின் மனத்தில் எண்ணாக மாறிவிடும் இந்த ஒரு வாக்கியம் சிரிப்பையும் நெருக்கடியையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது.

ஷார்லட்டைக் கோழை என்றோ, பணத்துக்கு விலைபோனவர் என்றோ எழுதாதீர்கள். படித்த, சொத்தில்லாத பெண்ணுக்குக் கௌரவமான ஒரே பிழைப்பு வழி மணம்தான் என்று அவர் கணக்குப் பார்த்துக் கருதுகிறார்; 2-ஆம் படியில் நாம் போட்ட கணக்கு அதை மறுக்கவில்லை. எலிசபெத்தின் மறுப்பு சரி என்றும், ஷார்லட்டின் ஏற்பு புரிந்துகொள்ளத்தக்கது என்றும் ஒரே பத்தியில் எழுத முடிந்தால்தான் விளக்கம் முழுமையாகும். முடியவில்லை என்றால் வலப்பக்கப் பத்தியில் ஏதோ ஒரு தொகை விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

அந்த மணத்தின் விலை என்ன என்பதை நாவல் பிறகு 28, 30-ஆம் அத்தியாயங்களில் காட்டுகிறது. எலிசபெத் ஷார்லட்டின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார். காலின்ஸ் தோட்டவேலையில் ஈடுபடுவது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஷார்லட் முகம் மாறாமல் சொல்கிறார். தன்னால் ஆனவரை அதை ஊக்குவிப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். பெண்கள் புழங்கும் அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. இதைவிட நல்ல அளவும் இனிய காட்சியும் உள்ள உணவறை இருக்கும்போது ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாள் என்று எலிசபெத் முதலில் வியக்கிறார். சாலையைப் பார்த்த தன் அறையில் காலின்ஸ் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். பெண்கள் இருக்கும் அறையும் அதே அளவு கலகலப்பானதாக இருந்தால், அவர் இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.